அரை நொடி வாட்ச்டாக் போதுமா? ஏற்காட்டுத் தோட்ட வண்டியில் பார்த்தது

கருப்பூர் மாணவன் | 09.11.2024, இரவு 8:15

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நான்கு சக்கர ரோபோ ஒன்று செய்திருக்கிறோம். 4ஜி மோடம் வழியாக லேப்டாப்பிலிருந்து ஓட்டுகிறோம். சிக்னல் போனால் என்ன ஆகும் என்று ரிவ்யூவில் கேட்டார்கள். அரை நொடிக்குள் புதுக் கட்டளை வராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் வாட்ச்டாக் போட்டிருக்கிறோம். அது போதும் என்பது என் கருத்து. கட்டளை வந்துகொண்டே இருந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? வெளியில் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சேர்வராயன் | 09.11.2024, இரவு 10:50

போதாது தம்பி. கட்டளை வருகிறது என்பதற்கும் அந்தக் கட்டளை இப்போது கொடுத்தது என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதை நான் போன ஜனவரியில் கண்ணால் பார்த்தேன்.

நாகலூர்ப் பக்கம் சித்தப்பாவுக்குக் காப்பித் தோட்டம். பழம் பறிக்கும் இடத்திலிருந்து பல்ப்பர் ஷெட் வரை சுமார் 400 மீட்டர் இறக்கம். மூட்டை தூக்க ஆள் கிடைப்பதில்லை என்பதால் ஒரு வண்டி செய்தேன். வெறும் வண்டி 110 கிலோ, பழம் 60 கிலோ. சில நாள் ஷெட்டில் உட்கார்ந்து ஓட்டுவேன், சில நாள் சேலத்தில் வீட்டிலிருந்தே ஓட்டுவேன். எப்படி ஓட்டினாலும் பாதை கண்ணுக்குத் தெரியாது, கேமராதான்.

அன்று சேலத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் பாதி தூரத்தில் படம் உறைந்தது. உங்களைப் போலவே அரை நொடி வாட்ச்டாக் வைத்திருந்தேன். அது சரியாக வேலை செய்தது, வண்டி நின்றது. ஆனால் நின்றது எனக்குத் தெரியாது. உறைந்த படத்தைப் பார்த்துக்கொண்டு ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளினேன், இடது பக்கம் ஒடித்தேன், பிறகு பயந்து நிறுத்தும் பொத்தானை அமுக்கினேன். மொத்தம் நான்கு நொடி இருக்கும்.

இணைப்பு திரும்பியது. வண்டி தானாகக் கிளம்பி முன்னே போய் இடது பக்கம் திரும்பி வரப்பில் ஏறியது. அதற்குப் பிறகுதான் நின்றது. பக்கத்தில் இரண்டு பேர் கூடை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மிளகுக் கொடி போனதோடு தப்பித்தோம்.

காரணம் இதுதான். கட்டளைகள் டிசிபி வழியாகப் போயின, நொடிக்கு 20. இணைப்பு இல்லாத நான்கு நொடியில் 80 கட்டளைகள் என் லேப்டாப்பில் வரிசையில் காத்திருந்தன. டிசிபி எதையும் தொலைக்காது, வரிசையும் மாற்றாது. வழி திறந்ததும் 80-ம் ஒரே அடியாக வண்டிக்குப் போய்ச் சேர்ந்தன. என் நிரல் ஒவ்வொரு 50 மில்லி நொடிக்கும் ஒரு கட்டளை எடுத்துப் படிக்கும். ஆகவே வண்டி என்னுடைய அந்த நான்கு நொடியை அப்படியே திரும்ப ஓட்டியது. வாட்ச்டாக் குறுக்கே வரவில்லை, ஏனென்றால் அதன் கண்ணுக்குக் கட்டளை வந்துகொண்டேதான் இருந்தது. நான் அமுக்கிய நிறுத்தும் பொத்தானும் வரிசையின் கடைசியில் நின்றது.

ஐந்துரோடு | 10.11.2024, காலை 7:20

இது டிசிபி பிரச்சினை. யுடிபிக்கு மாற்றுங்கள், முடிந்தது. பழைய பாக்கெட் தொலைந்துவிடும், புதுசு மட்டும் வரும். இன்னொன்று, 5ஜி சிம் போட்டால் தாமதமே 10 மில்லி நொடிதான். அப்புறம் இந்தக் கவலையே கிடையாது.

சேர்வராயன் | 10.11.2024, காலை 9:05

முதல் பாதி சரி. நானும் அந்த வாரமே யுடிபிக்கு மாற்றினேன், வந்ததையெல்லாம் காலி செய்து கடைசியை மட்டும் எடுக்கும்படி எழுதினேன். நிலைமை நிறைய மேம்பட்டது. ஆனால் முடிந்துவிடவில்லை. யுடிபி பாக்கெட் வழியில் தொலையலாம் என்பதுதான் உண்மை, கண்டிப்பாகத் தொலையும் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் சிக்னல் மெலிந்து ரேடியோ திரும்பத் திரும்ப அனுப்பும்போதும் டவர் பக்கத்திலும் மோடத்திலும் பாக்கெட்டுகள் தேங்குகின்றன. தேங்கியது பிறகு மொத்தமாக வருகிறது. என் பதிவில் 2 நொடி பழைய யுடிபி பாக்கெட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கொத்தின் கடைசிப் பாக்கெட்டும் பழசாக இருந்தால் கடைசியை மட்டும் எடுத்து என்ன பயன்?

5ஜி பற்றி: எங்கள் தோட்டத்தில் போன் சில இடங்களில் 4ஜி-க்கே திணறுகிறது. நீங்கள் சொல்லும் எண் டவருக்கு அடியில் வெறும் ரேடியோவுக்கு. கேமரா, என்கோடர், சர்வர், திரை எல்லாம் சேர்ந்தது வேறு கணக்கு.

ஆத்தூர் களம் | 10.11.2024, பகல் 1:30

அண்ணா, எங்களுக்கு ஜவ்வரிசி காயவைக்கும் களம் இருக்கிறது. மாவைக் கிளறிவிட ஒரு சின்ன வண்டி செய்து வைஃபையில் ஓட்டுகிறோம். களத்தின் அந்தக் கோடியில் வைஃபை விட்டுவிட்டு வருகிறது. எந்த ஆன்டெனா போட்டால் தூரம் கூடும்? நின்றால் நின்ற இடத்தில் நிற்கும், சிமெண்ட் தரை, அந்தப் பயம் எங்களுக்கு இல்லை.

சேர்வராயன் | 10.11.2024, பகல் 2:10

ஆன்டெனா பற்றித் தனியாகக் கேளுங்கள், ஆள் இருக்கிறார்கள். ஆனால் விட்டுவிட்டு வரும் வைஃபையிலும் இதே பழைய கட்டளைப் பிரச்சினை உண்டு. களத்தில் ஆட்கள் நடக்கிறார்கள் அல்லவா? நிற்கும் என்று நீங்கள் நம்புவதைவிட, திரும்பக் கிளம்பாது என்பதைச் சோதித்துப் பாருங்கள்.

பழைய மோடம் | 11.11.2024, காலை 6:45

சேர்வராயன், கட்டளையின் வயதை எந்தக் கடிகாரத்தில் அளக்கிறீர்கள்? லேப்டாப் நேரத்தைப் பாக்கெட்டில் எழுதி, வண்டி தன் நேரத்தோடு கழித்துப் பார்ப்பதாக இருந்தால் எனக்குச் சந்தேகம்.

சேர்வராயன் | 11.11.2024, இரவு 9:30

மேடம், அப்படித்தான் செய்தேன், அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். வண்டியில் இருக்கும் போர்டில் பேட்டரி கடிகாரம் கிடையாது. மேலே போய் ஸ்விட்ச் போட்டதும் கடைசியாக அணைத்தபோது இருந்த நேரத்தோடு எழும். நெட் வந்து நேரத்தைச் சரிசெய்து கொள்ளும் வரை எல்லாக் கட்டளையும் எதிர்காலத்திலிருந்து வந்தது போலத் தெரியும். வயது மைனஸில் வரும், மைனஸ் எப்போதும் நான் வைத்த 600 மில்லி நொடி வரம்பை விடச் சின்னது, வண்டி எதையும் ஏற்றுக்கொள்ளும். ஒரு வாரம் இது தெரியாமலே ஓட்டியிருக்கிறேன். மைனஸ் வந்தால் நிறுத்து என்று எழுதியதும் வேறு தொல்லை: ஓட்டத்தின் நடுவில் நேரம் தாவினால் காரணமில்லாமல் நிற்கும்.

பழைய மோடம் | 12.11.2024, காலை 6:30

இரண்டு கடிகாரம் இருந்தால் இரண்டும் சண்டை போடும். ஒன்றை எடுத்துவிடுங்கள். வண்டி தன் ஓட்ட நேரத்தை, அதாவது ஸ்விட்ச் போட்டதிலிருந்து எண்ணும் எண்ணிக்கையை, உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையிலும், கடைசியாகக் கிடைத்த அந்த எண்ணை அப்படியே திருப்பி அனுப்புங்கள். வண்டி தன் இப்போதைய எண்ணிலிருந்து திரும்பி வந்த எண்ணைக் கழிக்கட்டும். வருவது முழுச் சுற்றின் வயது. லேப்டாப்பின் நேரம் 1970 என்று காட்டினாலும் கவலை இல்லை.

சேர்வராயன் | 12.11.2024, இரவு 11:15

எழுதிப் பார்த்துவிட்டேன். வண்டியில் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்ன சிப்பில் ஓடும் பகுதி இவ்வளவுதான், 10 மில்லி நொடிக்கு ஒரு எண்:

```c
uint16_t age = (uint16_t)(now10ms() - last_cmd.stamp);
if (age > 60)
    stop_latched = true;   /* 600 ms */
```

கருப்பூர்த் தம்பி இதைக் கவனியுங்கள். இந்தச் சோதனை புதுப் பாக்கெட் வரும்போது மட்டும் நடப்பதில்லை. ஒவ்வொரு 10 மில்லி நொடியும், கையில் இருக்கும் கடைசிக் கட்டளையின் மேல் நடக்கிறது. எதுவும் வராவிட்டால் அதன் வயது தானாகக் கூடி 60-ஐத் தாண்டும். பழையது கொத்தாக வந்தாலும் அதே கணக்கில் பிடிபடும். உங்கள் வாட்ச்டாக் பார்க்கும் கேள்வியும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

ஐந்துரோடு | 13.11.2024, காலை 8:00

16 பிட் என்றால் 655 நொடியில் எண் சுற்றிவிடுமே. 11 நிமிடம் பழைய கட்டளை புதுசாகத் தெரியாதா?

பழைய மோடம் | 13.11.2024, காலை 8:40

நல்ல கேள்வி. 600 மில்லி நொடியிலேயே நின்று, ஓட்டுபவர் திறக்கும் வரை கிளம்பாமல் பூட்டிக்கொள்வதால் நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் கட்டளைக்கு வரிசை எண் தனியாக வேண்டும், முந்தையதைவிடக் கூடுதலாக இருந்தால் மட்டும் ஏற்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

சேர்வராயன் | 17.11.2024, மாலை 6:20

மேலே நான் 12-ஆம் தேதி எழுதியதில் பெரிய ஓட்டை இருக்கிறது. நேற்று ஓட்டும்போது தெரிந்தது.

வண்டி தன் எண்ணை டெலிமெட்ரி பாக்கெட்டில், பேட்டரி வோல்டேஜ், வேகம் இவற்றோடு சேர்த்து அனுப்புகிறது. அது சின்னப் பாக்கெட், நெரிசலிலும் புகுந்து வந்துவிடுகிறது. வீடியோ பெரிய சுமை, அது தேங்குகிறது. நேற்றுச் சனிக்கிழமை, ஏற்காட்டில் சுற்றுலாக் கூட்டம். கணக்கு வயது 180 மில்லி நொடி என்று காட்டியது. ஆனால் திரையில் வண்டி சில்வர் ஓக் மரத்துக்கு ஐந்தடி முன்னால் இருந்தது, நிஜத்தில் மரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. மேலே நின்ற மேஸ்திரி போனில் கத்தியதால் நிறுத்தினேன். படம் ஒரு நொடிக்கு மேல் பழசு.

கட்டளை புதுசுதான். ஆனால் நான் அதைக் கொடுத்தது பழைய படத்தைப் பார்த்து. ஆகவே அளக்க வேண்டியது பாக்கெட்டின் வயது அல்ல, நான் பார்த்த படத்தின் வயது.

எண்ணைப் படத்துக்குள்ளேயே எழுதிவிட முடிவு செய்தேன். கேமராப் படம் என்கோடருக்குள் போவதற்கு முன், கீழ் ஓரத்தில் 16 கட்டங்கள், ஒவ்வொன்றும் 16 பிக்சல் சதுரம். 1 என்றால் வெள்ளை, 0 என்றால் கருப்பு. 640-க்கு 480 படத்தில் 256 பிக்சல் அகலம்தான். லேப்டாப் திரையில் போட்ட அதே படத்திலிருந்து கட்டங்களைப் படித்து எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. படம் உறைந்தால் எண்ணும் உறையும், வயது கூடும், வண்டி நிற்கும். வீடியோ மென்பொருள் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் சரி, வண்டி அதைக் கேட்பதில்லை.

பழைய மோடம் | 17.11.2024, இரவு 7:10

இதுதான் சரியான இடம். ஒரு கட்டத்தைத் தவறாகப் படித்தால்? ஆறாவது கட்டம் புரண்டால் 320 மில்லி நொடி புதுசாகத் தெரியும். பதினேழாவதாக ஒரு கட்டம் சேர்த்து, மொத்த வெள்ளைக் கட்டங்கள் எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி செய்யுங்கள். ஒத்துவராத படத்தின் எண்ணைத் தூக்கி எறியுங்கள்.

சேர்வராயன் | 18.11.2024, காலை 7:00

சேர்த்துவிட்டேன் மேடம், நன்றி. சக்கரச் சேறு தெறித்து லென்ஸின் கீழ்ப் பகுதி மறைந்தால் என்ன ஆகும் என்று சித்தப்பா கேட்டார். கட்டம் லென்ஸுக்குப் பிறகு வரையப்படுவது, சேறு அதை மறைக்காது. ஆனால் படம் முழுக்கச் சேறாக இருந்தாலும் கட்டங்கள் புதுசாகவே ஓடும் என்பது அவர் கேட்டதால்தான் உறைத்தது. அதை ஓட்டுபவர்தான் பார்த்து நிறுத்த வேண்டும்.

கருப்பூர் மாணவன் | 20.11.2024, இரவு 9:00

சார், 600 என்ற எண் எப்படி வந்தது? ஏன் 300 இல்லை?

சேர்வராயன் | 20.11.2024, இரவு 10:25

அளந்து வந்தது. கூட்டமில்லாத நாளில் படம் எடுத்ததிலிருந்து கட்டளை திரும்பி வரும் வரை எனக்குப் பாதி நேரம் 280-க்குள் வருகிறது. நூற்றுக்கு 95 தடவை 430-க்குள். 300 என்று வைத்தால் நின்றுகொண்டே இருக்கும், ஓட்டவே முடியாது. ஓட்டுபவர் எரிச்சலில் வரம்பைத் தூக்கிவிடுவார், அது இன்னும் ஆபத்து.

மேல் எல்லையை நிற்கும் தூரம் முடிவு செய்கிறது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 600 மில்லி நொடியில் 0.6 மீட்டர் போகும். பிறகு பிரேக் பிடித்து நிற்க, சமதரையில் 0.3 மீட்டர் போல. மொத்தம் ஒரு மீட்டருக்குள். ஆட்களை அதைவிட இரண்டு மடங்கு தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறோம்.

சேர்வராயன் | 21.11.2024, காலை 6:10

ராத்திரி எழுதியதைத் திருத்துகிறேன். இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

இணைப்பு அறுந்த நொடியிலிருந்து எவ்வளவு தூரம் என்றால் 0.6 அல்ல. அறுந்தபோது கையில் இருந்த கட்டளைக்கே ஏற்கெனவே 280 வயது. மீதி 320 மில்லி நொடியில்தான் நிற்க ஆரம்பிக்கிறது. அது நான் சொன்னதைவிடக் குறைவு.

ஆனால் ஒருவர் திடீரென்று குறுக்கே வந்தால் எவ்வளவு தூரம் என்றால் நான் சொன்னதைவிட அதிகம். இணைப்பு நன்றாக இருக்கும்போதும் சுற்றுக்கு 280, அதற்கு மேல் என் கண்ணும் கையும் எடுக்கும் நேரம் 400 போல. மோசமான நேரத்தில், நிற்பதற்குச் சற்று முன்னால், 590-ம் 400-ம் சேர்ந்து ஒரு நொடி. 1 மீட்டர், அதோடு பிரேக் தூரம். வாட்ச்டாக் இதில் உதவாது, ஏனென்றால் எந்த வரம்பும் மீறப்படவில்லை. இதனால் வேகத்தையே 0.7-க்குக் குறைத்தேன், முன் பம்பரில் தொட்டால் வெட்டும் ஸ்விட்ச் வைத்தேன். அந்த ஸ்விட்ச் நெட்டைக் கேட்காது, லேப்டாப்பைக் கேட்காது, நேராக மோட்டார் சப்ளையை வெட்டும்.

இன்னொரு மாற்றமும் செய்தேன். வயது 350-ஐத் தாண்டினால் வண்டி தானே பாதி வேகத்துக்கு இறங்கும். ஓட்டுபவருக்கு இணைப்பு கெடுவது கையில் தெரிகிறது.

ஐந்துரோடு | 24.11.2024, மாலை 5:45

ஏற்காட்டில் சிக்னல் கெடுவதற்குக் காரணம் மூடுபனி. மழைக்காலத்தில் மச்சான் வீட்டில் போனே எடுக்காது. பனி இறங்கும்போது வண்டியை எடுக்காதீர்கள்.

பழைய மோடம் | 24.11.2024, இரவு 8:20

போன் எடுக்காதது உண்மையாக இருக்கும், காரணம் பனியாக இருக்காது. இந்த அலைவரிசைகளில் மூடுபனி செய்வது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. நனைந்த இலை வேறு விஷயம். சில்வர் ஓக்கும் கீழே காப்பியும் சேர்ந்து ஈரத்தோடு நிற்கும்போது அவற்றின் ஊடாக வரும் சிக்னல் நன்றாகவே மெலியும். அந்த நேரத்தில் கரண்ட் போய் டவரின் பேட்டரி தீர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆன்டெனாவை வண்டியின் உடம்பில் ஒட்டாமல் ஒரு கம்பில் உயர்த்துங்கள்.

சேர்வராயன் | 25.11.2024, இரவு 9:50

கம்பு ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு மீட்டர். அதைவிட எனக்கு அதிகம் உதவியது வேறொன்று, வீடியோவின் பிட்ரேட்.

சிக்னல் மெலியும் திருப்பத்தில் மேலே அனுப்பும் வேகம் 1 மெகாபிட்டுக்கும் கீழே போகிறது. நான் 2 மெகாபிட் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தேன். போக முடியாதது மோடத்தின் வரிசையில் தேங்கும், வரிசை நீள நீள எல்லாம் தாமதமாகும். சும்மா இருக்கும்போது 60 காட்டும் பிங், வீடியோ ஓடும்போது 900-ஐத் தாண்டியது. நெட்வொர்க் தாமதம் என்று நான் திட்டிக்கொண்டிருந்தது பெரும்பாலும் என் சொந்த வீடியோ கட்டிய வரிசை. இப்போது 600 கிலோபிட்டில் வைத்திருக்கிறேன், வயது 350-ஐத் தாண்டினால் 300-க்கு இறங்கும். படம் மங்கல்தான். ஆனால் மங்கலான இப்போதைய படம் எனக்குப் போதும், தெளிவான பழைய படம் வேண்டாம்.

ஆத்தூர் களம் | 01.12.2024, காலை 11:00

அண்ணா, நீங்கள் சொன்னபடி சோதித்தோம். வைஃபை ரவுட்டரை அணைத்தோம், வண்டி நின்றது. திரும்பப் போட்டோம், கிளம்பவில்லை. சந்தோஷமாக இருந்தோம். நேற்று வேறு மாதிரி ஆனது. போர்டே உறைந்துவிட்டது, மெமரி கார்டு பிரச்சினையாம். வண்டி களத்தின் சுவரில் முட்டி அங்கேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வாட்ச்டாக் அந்த போர்டிலேயே இருந்தது, அதுவும் சேர்ந்து உறைந்துவிட்டது. மோட்டார் டிரைவருக்குக் கடைசியாகச் சொன்ன வேகம் அப்படியே நின்றது.

சேர்வராயன் | 01.12.2024, பகல் 12:15

யாருக்கும் அடிபடவில்லையே? அதைச் சொல்லுங்கள் முதலில்.

நிறுத்தும் முடிவு லினக்ஸ் போர்டில் இருக்கவே கூடாது. அதனால்தான் மேலே உள்ள மூன்று வரி தனிச் சிப்பில் ஓடுகிறது. அந்தச் சிப்புக்குள்ளேயே ஒரு வன்பொருள் வாட்ச்டாக் இருக்கும். நிரல் குறித்த நேரத்துக்குள் அதைத் தொடாவிட்டால் சிப்பே ரீசெட் ஆகும், ரீசெட்டில் மோட்டார் பின்கள் அணைந்த நிலைக்குப் போகும்படி ரெசிஸ்டர் போட்டு இழுத்து வையுங்கள். போர்டு உறைந்தால் சிப்பு நிறுத்தும். சிப்பு உறைந்தால் ரீசெட் நிறுத்தும்.

ஆத்தூர் களம் | 01.12.2024, பகல் 12:40

யாருக்கும் ஒன்றும் இல்லை அண்ணா, சாப்பாட்டு நேரம். சிப்பு வாங்கி மாட்டுகிறோம்.

சேர்வராயன் | 08.12.2024, இரவு 8:30

மோட்டாரை அணைத்தால் நின்றுவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆத்தூர்த் தம்பியின் சிமெண்ட் களத்தில் அது உண்மை. மலையில் இல்லை.

எங்கள் பாதையின் செங்குத்தான பகுதி ஆறுக்கு ஒன்று சரிவு. பிரேக் இல்லாமல் தளர்ந்த வண்டி அதில் நின்ற இடத்திலிருந்து மூன்று நொடியில் சுமார் ஐந்து மீட்டர் உருளும், அப்போது வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். என் கியர்பாக்ஸ் பிளானட்டரி வகை, சக்கரத்திலிருந்து தள்ளினால் மோட்டார் சுற்றும். முதலில் நிறுத்தும்போது மோட்டார் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தேன். வேகம் நன்றாகக் குறைகிறது, ஆனால் முழுதாக நிற்பதில்லை. சுழற்சி இருந்தால்தானே அந்த இழுவை வரும். பழம் ஏற்றிய வண்டி நொடிக்கு ஒரு சாண் அளவு நகர்ந்துகொண்டே இருந்தது. திரையில் அது தெரியாது, நான் நின்றுவிட்டது என்று நினைத்து டீ குடிக்கப் போயிருக்கலாம்.

இப்போது இரண்டு பின் சக்கரத்திலும் ஸ்பிரிங் பிரேக். 24 வோல்ட் கொடுத்தால் திறக்கும், கரண்ட் போனால் ஸ்பிரிங் தானே பிடிக்கும். பேட்டரி தீர்ந்தாலும் ஒயர் அறுந்தாலும் முடிவு ஒன்றுதான், வண்டி பிடித்து நிற்கும். வரிசை இது: வயது மீறியதும் மோட்டாரால் வேகம் குறைப்பது, சக்கரம் நின்றதும் பிரேக், எப்படி இருந்தாலும் ஒரு நொடி கழிந்தால் பிரேக். ஓடும்போதே சட்டென்று பிரேக்கைப் போட்டுப் பார்த்தேன், ஈர மண்ணில் சக்கரம் பூட்டி வண்டி சறுக்கி ஒருபக்கம் திரும்பியது. அதனால்தான் இந்த வரிசை.

பூட்டு பற்றியும் எழுதிவிடுகிறேன். நின்ற வண்டி இணைப்பு வந்ததும் தானாகக் கிளம்பாது. ஜாய்ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, புதுப் படம் இரண்டு நொடி தொடர்ந்து வந்த பிறகு, திறக்கும் பொத்தானைத் தனியாக அமுக்க வேண்டும். ஜனவரியில் இது ஒன்று இருந்திருந்தாலே அந்த 80 கட்டளையும் வீணாய்ப் போயிருக்கும்.

கருப்பூர் மாணவன் | 15.12.2024, இரவு 7:30

சார், வீட்டு வைஃபையில் சோதனை செய்ய `ip link set wwan0 down` கொடுத்துப் பார்த்தேன், இன்டர்ஃபேஸ் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு. உடனே நின்றது, 50 மில்லி நொடிகூட ஆகவில்லை. உங்கள் 320-ஐவிட நன்றாக இருக்கிறது!

சேர்வராயன் | 15.12.2024, இரவு 9:00

அது நிஜமான துண்டிப்பு போல இல்லை தம்பி. இன்டர்ஃபேஸை இறக்கினால் உங்கள் நிரலுக்கு உடனே பிழை கிடைக்கிறது, அதைப் பார்த்து நிற்கிறது. மலையில் யாரும் பிழை சொல்ல மாட்டார்கள். இன்டர்ஃபேஸ் உயிரோடு இருக்கும், முகவரி இருக்கும், அனுப்புவது எல்லாம் மௌனமாகக் காணாமல் போகும். இப்படிச் செய்யுங்கள்:

```
tc qdisc add dev wwan0 root netem delay 300ms 150ms
tc qdisc change dev wwan0 root netem loss 100%
tc qdisc del dev wwan0 root
```

முதல் வரி தள்ளாட்டத்தோடு தாமதம், இரண்டாவது மௌனத் துண்டிப்பு, மூன்றாவது எடுத்துவிட. இது வண்டியிலிருந்து வெளியே போவதை மட்டும்தான் கெடுக்கும், அதாவது வீடியோவை. கட்டளை வரும் திசையைக் கெடுக்க அதையே லேப்டாப் பக்கத்தில் போட வேண்டும். ஒரு திசை மட்டும் அறுவதும் நிஜத்தில் நடக்கும், ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துவிட்டு.

கருப்பூர் மாணவன் | 17.12.2024, இரவு 11:40

பார்த்தேன் சார். 100% இழப்பில் 510 மில்லி நொடியில் நின்றது. தாமதத்தை மட்டும் ஒரு நொடி வரை கூட்டியபோது வண்டி நிற்கவே இல்லை, ஒரு நொடி பழைய கட்டளையிலும் ஓடியது. முதல் கேள்வியில் நான் எழுதியது தவறு. வண்டியின் ஓட்ட நேர எண்ணைச் சேர்க்கிறோம். படத்துக்குள் எழுத நேரம் இல்லை, டெலிமெட்ரியில்தான். ரிவ்யூவில் அந்தக் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய மோடம் | 05.01.2025, காலை 7:15

சேர்வராயன், உங்கள் பாதை எங்காவது ரோட்டைக் கடக்கிறதா?

சேர்வராயன் | 05.01.2025, இரவு 8:50

கடக்கிறது மேடம். அதைத்தான் எழுதாமல் தள்ளிக்கொண்டிருந்தேன். மேல் பிளாக்கிலிருந்து வர ஒரு தார் ரோடு, ஆறு மீட்டர் அகலம், சுற்றுலா வேன்கள் வளைவில் வேகமாக வரும். அதன் நடுவில் வண்டி பாதுகாப்பாக நின்று பிரேக்கையும் பூட்டிக்கொண்டால் அதைவிட ஆபத்து வேறில்லை. 110 கிலோவும் பழமும், பிரேக் பிடித்த நிலையில், ஒரு ஆளால் தள்ளவும் முடியாது.

ஐந்துரோடு | 06.01.2025, காலை 7:50

ரோட்டில் மட்டும் நிற்காமல் கடந்து முடிக்கட்டும். ஜிபிஎஸ்ஸில் ரோடு எங்கே என்று தெரியும், அந்த ஆறு மீட்டருக்கு வாட்ச்டாக்கை அணைத்துவிடுங்கள்.

பழைய மோடம் | 06.01.2025, காலை 8:30

மரத்தடியில் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டினால் எந்த ஆறு மீட்டரில் அணையும்? கண் இல்லாமல் வண்டி ரோட்டைக் கடப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சேர்வராயன் | 06.01.2025, இரவு 9:40

இரண்டு பேர் சொல்வதையும் யோசித்தேன். ஐந்துரோடு சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, நிற்பது எல்லா இடத்திலும் பாதுகாப்பு ஆகாது. ஆனால் வேன் வருகிறதா என்று பார்க்காமல் 0.7 வேகத்தில் ஒன்பது நொடி ரோட்டில் வண்டியை விட எனக்கும் மனம் இல்லை.

இப்போதைக்கு ரோட்டுக்கு மூன்று மீட்டர் முன்னால் பாதையின் குறுக்கே தரையில் காந்தப் பட்டை பதித்திருக்கிறேன். அதைத் தொட்டதும் வண்டி தானே நின்று பூட்டிக்கொள்ளும். மேஸ்திரி வந்து ஒயர் ரிமோட்டைச் செருகி, கூடவே நடந்து கடத்திவிடுகிறார். பூட்டிய பிரேக்கைக் கையால் திறக்க ஒரு நெம்புகோலும் வைத்தாயிற்று, ரோட்டில் நின்றால் இரண்டு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். மேஸ்திரி இல்லாத நாளில் மேல் பிளாக் பழம் பழையபடி தலைச்சுமையாகத்தான் இறங்குகிறது. பொங்கல் கழித்துக் கடைசிச் சுற்றுப் பறிப்பு இருக்கிறது, அதற்குள் இதைவிட நல்ல வழி யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

ஆத்தூர் களம் | 07.01.2025, காலை 10:05

அண்ணா, சிப்பு மாட்டிவிட்டோம். போர்டின் கார்டை ஓடும்போதே உருவிப் பார்த்தோம், நின்றது. அந்த ஆன்டெனா கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது.